மூன்றேகாலுக்கும் மேலே

2015 டிசம்பர் முதல் வாரத்தில் முடிச்சூர் பக்கம் பணம் என்றால் அது கையில் இருக்கும் நோட்டுதான். டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியிருந்தது. அடையாறு கரை தாண்டி வரதராஜபுரத்துக்குள்ளும் முடிச்சூருக்குள்ளும் புகுந்தது. கீழ்வீட்டுக்காரர்கள் எல்லாம் மாடிக்கு ஏறினார்கள். கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை. கடைகளில் கார்டு தேய்க்கும் மெஷின் இருந்தாலும் அதற்கும் சிக்னல் வேண்டுமே. அரை லிட்டர் பால் பாக்கெட்டை ஐம்பது ரூபாய்க்கும் அதற்கு மேலும் விற்றார்கள். தண்ணீர் கேனுக்கு வாய்க்கு வந்த விலை. எல்லாமே ரொக்கம்.

எங்கள் மாடியில் அப்போது கீழ்வீட்டுக் குடும்பமும் சேர்ந்து இருந்தது. அந்த வீட்டு அண்ணனுக்கு சானடோரியம் மெப்ஸில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை. சரக்கைச் சோதித்துப் பார்த்து முத்திரை குத்துவது. தெருவில் எல்லோருக்கும் அவர் 'மெப்ஸ் அண்ணன்'தான். சம்பளம் ஏழாம் தேதிதான் வரும். முதல் தேதியே பைக் தவணையும் சீட்டுப் பணமும் போய்விட்டதால் சேமிப்புக் கணக்கில் இருநூற்றுச் சொச்சம் மட்டும் இருந்தது. தண்ணீர் கொஞ்சம் வடிந்த 4-ஆம் தேதி, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தாம்பரம் வரை நடந்துபோய், ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஏடிஎம்மில் வரிசையில் நின்று, கிரெடிட் கார்டைச் செருகிப் பத்தாயிரம் எடுத்து வந்தார். அதில் இரண்டாயிரத்தை எங்களுக்கும் மேல்மாடித் தாத்தாவுக்கும் பால், அரிசி, மெழுகுவர்த்தி என்று செலவழித்தார். திரும்பக் கொடுத்தபோது வாங்கிக்கொள்ளவே மாட்டேன் என்றார். அதனால்தான் இந்தக் கதையில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

நான் அப்போது கிண்டியில் ஒரு வங்கியின் கார்டு பிரிவில் இருந்தேன். அண்ணனின் கார்டு வேறு வங்கியுடையது. எங்கள் மேசையின் வேலை, வாடிக்கையாளர் அனுப்பும் கேள்விகளுக்குக் கணக்குப் போட்டுப் பதில் எழுதுவது. "நான் எடுக்காத பணத்துக்கு வட்டி போட்டிருக்கிறீர்கள்" என்று ஆரம்பிக்கும் கடிதங்களில் பாதிக்கு மேல், கார்டில் ரொக்கம் எடுத்தவர்களுடையவை. அவர்கள் பொய் சொல்லவில்லை. எடுத்தது ஒரு மாதம், வட்டி தெரிவது இன்னொரு மாதம், அதன் வால் வருவது அதற்கும் அடுத்த மாதம். மூன்றையும் ஒரே மேசையில் பரப்பி வைத்தால்தான் முழுக் கதையும் புரியும்.

மெஷின் முன்னால் நிற்கும்போது எதுவும் தெரியாது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். டெபிட் கார்டு போலவே அதே ஓட்டை, அதே நான்கு இலக்க ரகசிய எண். எந்தக் கணக்கு என்று கேட்கும் திரையில் சேமிப்பு, நடப்பு, கிரெடிட் என்று மூன்று பொத்தான்கள் வரும். கிரெடிட்டைத் தொட்டால் பணம் வரும். இதற்கு இவ்வளவு கட்டணம், இன்றிலிருந்தே வட்டி என்று அந்தத் திரை சொல்லாது. அது வேறு வங்கியின் மெஷினாக இருந்தால், உங்கள் கார்டின் கட்டண விவரம் அதற்குத் தெரியவே தெரியாது. தவிர, மாதா மாதம் வரும் ஸ்டேட்மெண்டின் தலைப்பிலேயே 'கேஷ் லிமிட்' என்று ஒரு தொகை அச்சாகி வருகிறது. அண்ணனுக்கு மொத்த வரம்பு அறுபதாயிரம், ரொக்க வரம்பு இருபத்துநாலாயிரம். நமக்கென்று ஒதுக்கி வைத்த பணம் போல அது கண்ணில் படும்.

கடையில் கார்டைத் தேய்ப்பதற்கும் மெஷினில் பணம் எடுப்பதற்கும் வங்கி ஏன் இத்தனை வித்தியாசம் வைக்கிறது என்று அலுவலகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள்கூடக் கேட்பார்கள். கடையில் ஆயிரம் ரூபாய்க்குத் தேய்த்தால் கடைக்காரருக்கு முழு ஆயிரம் போகாது. ஒன்றரை, இரண்டு சதவீதம் பிடித்துக்கொண்டுதான் போகும். அதில் பெரும்பங்கு கார்டு கொடுத்த வங்கிக்கு. உங்களுக்கு நாற்பது, ஐம்பது நாள் வட்டியில்லாமல் விட்டுவைப்பதற்கான செலவில் ஒரு பகுதியைக் கடைக்காரர் ஏற்கெனவே கட்டிவிட்டார். ஏடிஎம்மில் கடைக்காரர் யாரும் இல்லை. மெஷின் வைத்திருக்கும் வங்கிக்குக் கார்டு கொடுத்த வங்கிதான் காசு கொடுக்க வேண்டும். தவிர, மாதக் கடைசியில் கார்டைச் சுரண்டி ரொக்கம் எடுக்கிறவர் பணமுடையில் இருக்கிறார், திரும்பக் கட்டாமல் போகும் வாய்ப்பு கூடுதல் என்பது வங்கிகளின் கணிப்பு. அதனால் எடுக்கும்போதே ஒரு கட்டணம், எடுத்த நாளிலிருந்தே வட்டி. இந்தக் காரணங்களில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயத்துக்கு இவ்வளவு விலையா என்ற கேள்வி அந்த மேசையில் உட்கார்ந்திருந்த காலத்திலேயே எனக்கு இருந்தது.

ஜனவரி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணனும், நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவியும் இரண்டு ஸ்டேட்மெண்டை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தார்கள். கீழ்வீட்டுச் சுவரில் இடுப்பளவுக்குச் சேற்றுக்கோடு அப்படியே இருந்தது. வெள்ளையடிக்கப் பணம் இல்லை.

"தம்பி, நான் எடுத்தது பத்தாயிரம். ஜனவரி அஞ்சாம் தேதி பத்தாயிரத்து ஐந்நூறு கட்டிட்டேன். கட்டணத்தையும் சேர்த்துதான் கட்டினேன். அப்புறமும் பத்தாயிரம் நிக்குதுன்னு போட்டு, அதுக்கு வட்டியும் போட்டிருக்கான். இது என்ன கணக்கு?" என்றார்.

காகிதத்தைத் தரையில் விரித்து வைத்து, பென்சிலை எடுத்தேன்.

டிசம்பர் 4-ஆம் தேதி எடுத்த பத்தாயிரத்துக்கு அந்த வங்கியின் கட்டணம் இரண்டரை சதவீதம், குறைந்தபட்சம் 300 ரூபாய். இரண்டரை சதவீதம் 250தான் வரும் என்பதால் குறைந்தபட்சக் கணக்கில் 300 போட்டிருந்தார்கள். அதன்மேல் அப்போதைய சேவை வரி பதினான்கு சதவீதமும், அதற்குச் சரியாக முந்தைய மாதம் வந்த ஸ்வச் பாரத் செஸ் அரை சதவீதமும் சேர்த்து 43 ரூபாய் 50 காசு. இந்தக் கட்டணம் ஒவ்வொரு முறை எடுப்பதற்கும் தனித்தனி. வெள்ளத்தில் பலர் மெஷினில் காசு தீர்ந்துவிடுமோ என்று இரண்டாயிரம், இரண்டாயிரமாக எடுத்தார்கள். ஐந்து தடவை எடுத்திருந்தால் இதே பத்தாயிரத்துக்குக் கட்டணம் மட்டும் 1,500. அண்ணன் ஒரே தடவையில் எடுத்ததில் அந்த அளவுக்குத் தப்பித்தார்.

அடுத்தது வட்டி. மாதம் 3.35 சதவீதம் என்று ஸ்டேட்மெண்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. வருடத்துக்கு 40.2. அதை 365-ஆல் வகுத்தால், பத்தாயிரத்துக்கு ஒரு நாளைக்கு 11 ரூபாய். ஸ்டேட்மெண்ட் போடும் தேதி 18. 4 முதல் 18 வரை பதினைந்து நாளுக்கு 165 ரூபாய், அதற்கு வரி 24. ரொக்கத்துக்கு வட்டியில்லாக் காலம் என்று ஒன்று கிடையாது. ஸ்டேட்மெண்ட் வந்து, கடைசித் தேதிக்குள் கட்டினால் வட்டி இல்லை என்பது பொருள் வாங்கியதற்கு மட்டும்தான்.

அக்கா அந்த 3.35-ஐப் பார்த்துவிட்டு, "இது நூத்துக்கு மூணேகால் வட்டிக்கும் மேல வருதே தம்பி. எங்க ஊர்ல மூணு வட்டின்னா அந்த ஆள் வாசல்ல நிக்கவே கூடாதுன்னு அம்மா சொல்லுவாங்க" என்றார். நாங்கள் சதவீதமாக எழுதிக்கொண்டிருந்ததை அவர் ஒரே மூச்சில் ஊர்க் கணக்குக்கு மாற்றிவிட்டார். கந்துவட்டியைத் தடுக்க 2003-இலேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் போட்டாயிற்று. அந்த வட்டியைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் குரலைத் தாழ்த்துவார்கள். இது பளபளப்பான தாளில் அச்சடித்து, நன்றி சொல்லி, வீட்டுக்கே வருகிறது.

இதுவரை மொத்தம் 532 ரூபாய். அண்ணன் நினைத்ததும் ஏறக்குறைய இதைத்தான். அவர் ஐந்நூறு சேர்த்துக் கட்டியதும் அதனால்தான். ஆனால் அந்த டிசம்பர் ஸ்டேட்மெண்டில் இன்னொரு பதிவும் இருந்தது. வெள்ளத்தில் ஃபிரிட்ஜ், மிக்ஸி, காஸ் அடுப்பு எல்லாம் போனதால், 12-ஆம் தேதி தாம்பரத்தில் ஒரு கடையில் பதினெட்டாயிரத்துக்கு அதே கார்டைத் தேய்த்திருந்தார். ஆக டிசம்பர் 18-இல் மொத்தப் பாக்கி 28,532. கடைசித் தேதி ஜனவரி 7. குறைந்தபட்சம் கட்ட வேண்டியது ஐந்து சதவீதம், ஏறக்குறைய 1,430. அண்ணன் அதைவிட ஏழு மடங்கு கட்டியிருந்தார். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கட்டியாச்சு, நல்ல பிள்ளைதான் என்று வங்கி நினைத்துக்கொள்ளும் என்பது அவர் நம்பிக்கை.

கட்டிய பணத்தை வங்கி எந்த வரிசையில் வரவு வைக்கும் என்பது விதித்தாளில் இருக்கும், யாரும் படிப்பதில்லை. அண்ணனின் வங்கியில் முதலில் வரி, பிறகு கட்டணம், பிறகு வட்டி, அதன்பின் வாங்கிய பொருட்கள், எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் ரொக்கம். 10,500-இல் முதல் 532 வரிக்கும் கட்டணத்துக்கும் வட்டிக்கும் போயிற்று. மீதி 9,968 ஃபிரிட்ஜுக்குப் போயிற்று. மெஷினில் எடுத்த பத்தாயிரத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. "நான் அந்தப் பணத்துக்குத்தானே கட்டினேன்" என்றார் அண்ணன். கட்டும்போது நாம் மனதில் எந்தப் பாக்கியை நினைத்துக் கட்டுகிறோம் என்பதற்கு அங்கே மதிப்பில்லை என்று சொன்னேன்.

இந்த வரிசையைச் சொன்னதும் எல்லோருக்கும் இதுதான் சூது என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் பென்சிலால் கூட்டிப் பார்த்தால், வரிசையை மாற்றியிருந்தாலும் அண்ணனுக்கு வட்டி அப்படியேதான் வந்திருக்கும். அமெரிக்காவில் 2009-இல் வந்த கார்டு சட்டம், குறைந்தபட்சத் தொகைக்கு மேல் கட்டுவதை வட்டி அதிகமுள்ள பாக்கிக்குத்தான் முதலில் வைக்க வேண்டும் என்றது. அங்கே ரொக்கத்துக்கு வட்டி விகிதம் தனி, பொருளைவிட அதிகம். ஆகவே வரிசை முக்கியம். நம் ஊரில் பெரும்பாலான கார்டுகளில் இரண்டுக்கும் ஒரே விகிதம். எந்தப் பாக்கி நின்றாலும் நாளுக்கு அதே காசு ஓடும். வரிசை செய்வது, எது முடிந்தது எது முடியவில்லை என்று நம்மைக் குழப்புவது மட்டும்தான். அடி விழுந்தது வேறு இடத்தில்.

மொத்தப் பாக்கியைக் கடைசித் தேதிக்குள் முழுசாகக் கட்டினால்தான் பொருள் வாங்கியதற்கு வட்டியில்லை. ஒரு பகுதி நின்றாலும் அந்தச் சலுகை மொத்தமும் போய்விடும். போவது மட்டுமில்லை, பின்னோக்கியும் போகும். பதினெட்டாயிரத்துக்கு ஜனவரி 7-இலிருந்து வட்டி ஆரம்பிக்காது, ஃபிரிட்ஜ் வாங்கிய டிசம்பர் 12-இலிருந்தே ஆரம்பிக்கும். பத்தாயிரம் ரொக்கம் மட்டும் இல்லாமல் இருந்தால் அண்ணன் ஃபிரிட்ஜ் பணத்தை இப்படி அப்படிப் புரட்டி முழுசாகக் கட்டியிருப்பார். அவர் மனைவி அதற்கென்று சீட்டு எடுப்பதாகவே இருந்தார். ரொக்கமும் சேர்ந்ததால் மொத்தம் கைக்கு எட்டாமல் போனது. எட்டாமல் போனதால், வட்டியே வரக்கூடாத பதினெட்டாயிரத்துக்கும் வட்டி வந்தது. புளித்த மாவை நல்ல மாவில் கலந்தது போல ஆயிற்று.

ஜனவரி ஸ்டேட்மெண்டை இப்போது படிக்கலாம். ரொக்கத்துக்கு டிசம்பர் 19 முதல் ஜனவரி 18 வரை, 341 ரூபாய். பதினெட்டாயிரத்துக்கு டிசம்பர் 12 முதல் அவர் பணம் கட்டியதற்கு முந்தைய நாள் வரை 476. கட்டியபின் மீந்த 8,032-க்கு ஜனவரி 18 வரை 124. மொத்த வட்டி 941, அதற்கு வரி 136. கட்ட வேண்டியது என்று கீழே 19,109 நின்றது. 28,532-இல் 10,500 போனால் 18,032தான் வர வேண்டும் என்று கழித்துப் பார்த்து வைத்திருந்த அண்ணனுக்கு, நடுவில் முளைத்த ஆயிரத்து எழுபத்தேழு எங்கிருந்து வந்தது என்பதுதான் புரியாமல் இருந்தது. அது ஒரு பெரிய வட்டியில்லை, மூன்று சின்ன வட்டிகளும் ஒரு வரியும் என்று பிரித்துக் காட்டியபோது, "ஓ, இது இப்படியா" என்று சொல்லிவிட்டு வெகுநேரம் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வேலையே சோதித்துப் பார்த்து முத்திரை குத்துவதுதானே.

"சரி, இந்தப் பத்தொன்பதாயிரத்து நூத்தொன்பதையும் பிப்ரவரி ஏழாம் தேதி கட்டிடறேன். அப்போ முடிஞ்சுடும் இல்ல?"

முடியாது. இதைச் சொல்வதற்குத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. எங்கள் மேசைக்கு வந்த கோபக் கடிதங்களில் மிகக் கோபமானவை இந்த இடத்திலிருந்து வந்தவைதான். ஸ்டேட்மெண்ட் ஜனவரி 18 வரையிலான வட்டியை மட்டும் சொல்கிறது. 19-ஆம் தேதியிலிருந்து பணம் போய்ச் சேரும் நாள் வரை 18,032-க்கு நாளுக்கு ஏறக்குறைய இருபது ரூபாய் ஓடிக்கொண்டே இருக்கும். பத்தொன்பது நாளுக்கு 377, வரியோடு 432. அது பிப்ரவரி ஸ்டேட்மெண்டில் வந்து நிற்கும். முழுசாகக் கட்டிவிட்டேன் என்ற நிம்மதியில் அந்தக் காகிதத்தைப் பிரிக்காமலே வைப்பவர்கள் உண்டு. அந்த நானூற்றுச் சொச்சம் நிலுவையில் விழுந்து, தாமதக் கட்டணம் வேறு சேர்ந்து, கடைசியில் வசூல்காரர் போன் செய்யும்போதுதான் தெரியவரும்.

அதனால் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டு, 'ஸ்டேட்மெண்டில் எவ்வளவு' என்று கேட்காமல், 'இன்றைய தேதியில் வட்டி உட்பட எல்லாம் முடிக்க எவ்வளவு' என்று கேட்கச் சொன்னேன். அவர்களுக்கு அந்தத் தொகை திரையிலேயே தெரியும். கேட்டால் சொல்வார்கள், கேட்காவிட்டால் ஸ்டேட்மெண்ட் தொகையைத்தான் சொல்வார்கள். அண்ணன் கேட்டார். ஆனால் பணம் புரண்டது ஏழாம் தேதிதான். சம்பளம் அன்றைக்குத்தானே.

கடைசியில் கூட்டிப் பார்த்தோம். கட்டணம் வரியோடு 343, முதல் மாத வட்டி 189, இரண்டாவது மாதம் 1,077, வால் 432. மொத்தம் 2,041 ரூபாய். பத்தாயிரம் ரொக்கத்துக்கு, இரண்டு மாதத்தில். அதில் சுமார் எழுநூறு ரூபாய் ஃபிரிட்ஜின் கணக்கில் முதல் முறை விழுந்த வட்டியும் வரியும். ரொக்கம் எடுக்காதிருந்தால் வந்தே இருக்காது. அக்கா உடனே கேட்டார்: "என் ஒரு வளையலை அடகு வச்சிருந்தா?" அன்றைய வங்கி நகைக்கடன் வருடத்துக்குப் பன்னிரண்டு சதவீதம் சொச்சம். பத்தாயிரத்துக்கு இரண்டு மாதத்தில் இருநூறு ரூபாய் வட்டி. ஆனால் அந்த 4-ஆம் தேதி எந்த வங்கியும் எந்த அடகுக்கடையும் திறந்திருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அன்றைக்குக் கிடைத்தது அந்த மெஷின் ஒன்றுதான். எடுத்ததில் தவறில்லை. எட்டாம் தேதி, சம்பளம் வந்து கரண்டும் வந்தபின், ஃபிரிட்ஜ் வாங்குவதற்கு முன்பே அந்தப் பத்தாயிரத்தைக் கார்டில் திருப்பிக் கட்டியிருந்தால் நான்கு நாள் வட்டி 44, வரி 6, கட்டணம் 343. நானூறுக்குள் முடிந்திருக்கும். ஸ்டேட்மெண்ட் வரட்டும் என்று காத்திருக்க வேண்டிய அவசியம் ரொக்கத்துக்கு இல்லவே இல்லை. பழைய பாக்கி எதுவும் இல்லாத கார்டில் இன்று எடுத்து நாளை கட்டினால் வட்டி ஒரு நாளுக்கு மட்டும். கட்டணம் மட்டும் எப்படியும் போகும். கார்டில் முன்கூட்டியே கூடுதலாகப் பணம் போட்டு வைத்து அதிலிருந்து எடுத்தாலும் அது போகும். அந்த யோசனையோடு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அண்ணனுக்காக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். வெள்ளப் பகுதி, நாள், தொகை, அந்த வாரம் வேறு வழியில்லாத நிலைமை, நான்கே வரி. வட்டியை விட முடியாது, கட்டணம் 300-ஐயும் அதன் வரியையும் திருப்பி வரவு வைக்கிறோம் என்று அந்த வங்கியிலிருந்து பதில் வந்தது. உள்ளிருந்து பார்த்தவனாகச் சொல்கிறேன், கட்டணத்தை விடுவது அந்த மேசையில் இருப்பவரின் அதிகாரத்துக்குள் வரும், வட்டியை விடுவது வராது. கேட்கும்போது அதைத் தெரிந்துகொண்டு கேட்பது நல்லது.

வட்டி விஷயத்தில் மேலே ஒரு பெரிய வழக்கும் ஓடிக்கொண்டிருந்தது. 2008-இல் தேசிய நுகர்வோர் ஆணையம், கார்டு பாக்கிக்கு வருடம் முப்பது சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்று தீர்ப்புச் சொன்னது. வங்கிகள் உச்ச நீதிமன்றம் போய்த் தடை வாங்கின. தடை இருந்த காலம் முழுக்க நாற்பதும் அதற்கு மேலும் வாங்கினார்கள். 2024 டிசம்பர் 20-இல் உச்ச நீதிமன்றம் அந்த முப்பது சதவீத வரம்பையே ரத்து செய்துவிட்டது. வட்டி எவ்வளவு என்று சொல்வது ரிசர்வ் வங்கியின் வேலை, நுகர்வோர் ஆணையத்தின் வேலையல்ல என்பது அதன் சாரம். ரிசர்வ் வங்கி எண் எதையும் நிர்ணயிக்கவில்லை. 2022-இல் அது வெளியிட்ட கார்டு விதிகளில், கட்டாமல் நிற்கும் கட்டணத்தையும் வரியையும் அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது என்று ஒரு நல்ல வாக்கியம் இருக்கிறது. அண்ணனின் காலத்தில் அந்த வாக்கியம் இல்லை.

இப்போது விலை இன்னும் ஏறிவிட்டது. பெரும்பாலான கார்டுகளில் ரொக்கக் கட்டணம் அதே இரண்டரை சதவீதம், ஆனால் குறைந்தபட்சம் 500 ரூபாய். சேவை வரி போய் 2017 ஜூலையிலிருந்து பதினெட்டு சதவீத ஜிஎஸ்டி. ஆக எடுத்தவுடனே 590. இருபதாயிரம் வரை எடுக்கும் எந்தத் தொகைக்கும் இதே 590தான். இரண்டாயிரம் எடுக்கிறவருக்கு, வட்டி ஆரம்பிக்கும் முன்பே கிட்டத்தட்ட முப்பது சதவீதம் போய்விட்டது. வட்டி மாதம் மூன்றரையும் மூன்றே முக்காலும் சகஜமாகியிருக்கிறது.

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள்தான் மேற்குத் தாம்பரத்தில் சண்முகம் சாலைப் பக்கம் செல்போன் கடைகளைத் தேடிப் போகிறார்கள். கண்ணாடியில் சின்னதாக ஒரு காகிதம் ஒட்டியிருக்கும்: கார்டு தேய்த்தால் உடனடிப் பணம், இரண்டு சதவீதம். கடைக்காரர் தன் மெஷினில் பொருள் விற்றதாகத் தேய்த்து, கமிஷன் பிடித்துக்கொண்டு நோட்டாகக் கொடுப்பார். வங்கி இதைக் கொள்முதல் என்று நினைத்து வட்டியில்லாக் காலமும் கொடுத்துவிடும். பத்தாயிரத்துக்கு இருநூறு ரூபாய், ஐம்பது நாள் வரை அவகாசம். கணக்கில் ஏடிஎம்மை எளிதாகத் தோற்கடித்துவிடும். ஆனால் இது பொய் விற்பனை. ஒரே கடையில் முழு ஆயிரங்களாக, மாதா மாதம் ஒரே வாரத்தில் தேய்ப்பதை வங்கியின் கணினி எளிதில் பிடித்துவிடும். பிடித்தால் கார்டு முடங்கும், கடைக்காரரின் மெஷின் போகும். அந்தக் கடையில் கார்டை யாரோ ஒருவர் கையில் கொடுத்து, பின் நம்பரையும் எல்லோர் முன்னாலும் அமுக்குகிறீர்கள் என்பது தனி ஆபத்து. ஆனாலும் கண்ணாடியில் அந்தக் காகிதம் எப்போதும் ஒட்டியே இருக்கிறது. ஏடிஎம் கட்டணம் இந்த அளவில் இருக்கும்வரை அதைக் கிழிக்க முடியாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் மறுபடி தண்ணீரில் நின்றன. அண்ணன் அதற்குள் மெப்ஸில் ஓய்வு பெற்று, வீட்டையும் இரண்டடி உயர்த்திக் கட்டியிருந்தார். போனில் காசு அனுப்பும் காலம் வந்துவிட்டது, ஆனால் சிக்னல் இல்லாவிட்டால் அந்தக் காலமும் இல்லை. அந்த மாதக் கடைசியில் நான் போனபோது மேசைமேல் ஸ்டேட்மெண்ட் இருந்தது. தண்ணீர் நாட்களில் கார்டில் ஐயாயிரம் எடுத்திருக்கிறார், பழைய பாக்கி ஏதும் இல்லாத கார்டில், தெரிந்தே. மறுநாள் மதியம் சிக்னல் வந்ததும் முதல் வேலையாகக் கட்டணத்தையும் ஒரு நாள் வட்டியையும் சேர்த்து முழுசாகத் திருப்பிக் கட்டியிருக்கிறார்.

"ஐந்நூத்தித் தொண்ணூறு போகும்னு தெரிஞ்சுதான் எடுத்தேன். அன்னிக்கு ஜெனரேட்டருக்கு டீசல் வேணும், அம்மாவுக்கு ஆக்சிஜன் மெஷின் ஓடணும்" என்றவர், கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு விரலால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். "வட்டி அஞ்சே முக்கா ரூபா. அதுக்கும் ஜிஎஸ்டி ஒரு ரூபா நாலு பைசா போட்டிருக்கான் பாருங்க தம்பி."